மூன்றாவது கூரை தள்ளிப்போகிறது: தாளாளரிடம் எப்போது சொல்வது?

ஒரு தென் மாவட்ட ஊரில் அறக்கட்டளை ஒன்று பள்ளிக்கூடம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளம், அதன் மேல் இரண்டு மாடி. மாடிக்கு நான்கு வகுப்பறையாக மொத்தம் 12 அறைகள். ஜூன் 1 அன்று பிள்ளைகள் புதுக் கட்டடத்தில் உட்கார வேண்டும். பணம் அறக்கட்டளையுடையது, அதன் சார்பில் முடிவெடுப்பவர் தாளாளர். சைட்டில் நின்று வேலையை நடத்துபவர் ஒரு இன்ஜினியர். பெரிய நிறுவனங்களில் தாளாளரின் இடத்தில் இருப்பவரை ஸ்பான்சர் என்பார்கள், ஜூன் 1-ஐ மைல்கல் என்பார்கள். பெயர் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். கெடு தவறப்போகிறது என்று இன்ஜினியருக்குத் தெரியத் தொடங்கும்போது, தாளாளருக்கு அது தெரியாது.

திட்டப்படி ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே 28 நாள். அடித்தளம் முடிந்தது நவம்பர் 13. முதல் கூரைக்கு டிசம்பர் 11 அன்று காங்கிரீட் போட்டிருக்க வேண்டும். போட்டது டிசம்பர் 19. மழை பெய்தது, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது கூரை ஜனவரி 8-க்கு வர வேண்டியது, ஜனவரி 24-க்கு வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன சென்டரிங் ஆட்கள் திரும்பத் தாமதமானார்கள், அதையும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு காரணங்களும் உண்மைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே இனி வராத காரணங்கள். அதனால்தான் காண்ட்ராக்டர், “மூணாவது கூரையில புடிச்சிடலாம் சார்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார்.

ஆனால் காரணங்களை ஒதுக்கிவிட்டு நாட்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதல் கூரைக்கு 36 நாள், இரண்டாவதுக்கும் 36 நாள். திட்டம் 28 என்கிறது. இந்தக் குழு, இந்தச் சாமான்களுடன், இந்த சைட்டில் 36 எடுக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தடை வந்தது, மழை இல்லாத காலத்தில் வேறொன்று வந்தது. மூன்றாவது கூரைக்கும் ஏதோ ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். கெடு தவறும் என்பதற்கு நான் தேடும் முதல் அடையாளம் இதுதான்: மிச்ச வேலைக்கான கணக்கு, முடிந்த வேலையின் வேகத்தைவிட வேகமாக இருக்கிறதா? இருந்தால், எதனால் வேகம் கூடும் என்று ஒரு புதிய காரணம் காட்ட வேண்டும். இன்னொரு செட் பலகை வந்திருக்கிறது, கம்பி கட்ட ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்பதுபோல. “புடிச்சிடலாம்” அதில் சேராது.

இனி முன்னோக்கிக் கணக்குப் போடலாம். இதே வேகத்தில் மூன்றாவது கூரைக்கு மார்ச் 1 அன்று காங்கிரீட் விழும். வகுப்பறை 20 அடி அகலம் என்பதால் அதன் உத்தரங்கள் 6 மீட்டரைத் தாண்டுகின்றன. அத்தகைய உத்தரங்களின் கீழ் உள்ள முட்டுகளை 21 நாளைக்கு முன் எடுக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. ஆக மார்ச் 22. அதற்குப் பிறகு அந்த மாடியில் சுவர், வயர் குழாய், பூச்சு, பூச்சு காய்வது, டைல்ஸ், பட்டி, பெயிண்ட், ஜன்னல் கதவு என்று இறுதிவேலை 67 நாள். மே 28 வருகிறது. கட்டடம் பார்வைக்கு முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளை உட்கார வைக்க இன்னும் முடியாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம் எல்லாம் வாங்கியாக வேண்டும். அதற்குத் திட்டத்தில் வைத்தது 27 நாள். ஜூன் 24-இல் வந்து நிற்கிறோம்.

கடைசியில் இருக்கும் அந்த 27 நாளைத்தான் கவனிக்க வேண்டும். தாமதம் ஏற்பட்ட எல்லா வேலைகளிலும் கை முதலில் நீளுவது அங்கேதான். கொத்து வேலையும் டைல்ஸ் வேலையும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆய்வும் சோதனையும் சான்றிதழும் தெரிவதில்லை. “அதையெல்லாம் பத்து நாள்ல வாங்கிடலாம்” என்று யாராவது ஒருவர் சொல்வார், அட்டவணையில் மறுபடியும் ஜூன் 1 வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பத்து நாள், சைட்டில் இருக்கும் எவர் கையிலும் இல்லை.

இதே கதை லண்டனில் பெரும் அளவில் நடந்தது. நகரைக் கிழக்கு மேற்காகக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரெயில் ரயில் பாதை, இன்று எலிசபெத் லைன் என்று அழைக்கப்படுவது, 2018 டிசம்பரில் திறக்கப்பட வேண்டியது. அந்தத் திட்டத்துக்கு ஸ்பான்சர்கள் என்றே இருவர் இருந்தார்கள்: லண்டன் போக்குவரத்து அமைப்பு ஒன்று, பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சகம் மற்றொன்று. 2017 நவம்பரில் புடிங் மில் லேன் என்ற இடத்தில் பாதைக்கு மின்சாரம் கொடுக்கும்போது மின்கருவி வெடித்து, ரயில்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் சில மாதம் தள்ளிப்போயின. நிலைய வேலைகளும் பின்தங்கின. திறப்பு நாளை யாரும் தொடவில்லை. அந்த நாளைக் காப்பாற்ற, சோதனைக்கென்று வைத்திருந்த காலம் சுருக்கப்பட்டது. கட்டுமானமும் சோதனையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. 2018 ஆகஸ்ட் 31 அன்றுதான் டிசம்பரில் திறக்க முடியாது என்று வெளியே சொன்னார்கள். பாதை திறந்தது 2022 மே 24.

லண்டன் சட்டப்பேரவையின் போக்குவரத்துக் குழு 2019-இல் இதை விசாரித்தது. திட்டத்திலிருந்து மேலே போன வாராந்திரக் குறிப்புகள் மேயர் அலுவலகத்துக்குப் போகும் முன், ஆபத்தைச் சொன்ன பகுதிகள் மென்மையாக்கப்பட்டன என்று அந்தக் குழு குறை சொன்னது. போக்குவரத்து அமைப்பு அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். நம் பள்ளிக்கூடத்தில் இது எப்படி நடக்கும் என்று யோசித்தாலே போதும். மேஸ்திரி சைட் சூப்பர்வைசரிடம், “மார்ச் முதல் வாரம் ஆயிடும்” என்கிறார். சூப்பர்வைசர் இன்ஜினியரிடம், “பிப்ரவரி கடைசி” என்கிறார். இன்ஜினியர் தாளாளரிடம், “கொஞ்சம் டைட்டா இருக்கு, பாத்துக்கலாம் ஐயா” என்கிறார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தாளாளர் காதுக்கு வந்து சேர்ந்தது செய்தியே இல்லை.

சரி, எப்போது சொல்ல வேண்டும்? பலரும் கெடு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு மாதம் முன்னால் சொன்னால் நல்ல அவகாசம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கணக்கே தப்பு என்பது என் உறுதியான கருத்து. தாளாளருக்கு வேண்டியது அவகாசம் மட்டும் அல்ல, திறந்திருக்கும் வழிகள். ஒவ்வொரு வழிக்கும் அது அடைபடும் நாள் ஒன்று உண்டு, அந்த நாட்கள் கட்டட அட்டவணையில் இருக்காது. பள்ளி இப்போது நடப்பது 10 அறை கொண்ட வாடகைக் கட்டடத்தில். ஒப்பந்தம் மே 31-உடன் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மூன்று மாதம் முன்னதாக, அதாவது பிப்ரவரி 28-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்க்கைக்கான விளம்பர மடல் பிப்ரவரி 15 அன்று அச்சுக்குப் போகிறது, அதில் ‘ஜூன் முதல் புதிய கட்டடத்தில்’ என்று இருக்கிறது. இறுதிவேலைக்கு இரண்டாவது கொத்தனார் குழுவைப் பிடிக்க வேண்டுமானால் அதே பிப்ரவரி 15 வாக்கில் முன்பணம் கொடுத்தாக வேண்டும். மே மாதம் முதல் தேதி போய்ச் சொன்னால் இந்த மூன்றுமே அடைபட்டிருக்கும். தாளாளரால் கோபப்பட மட்டுமே முடியும். ஜனவரி கடைசியில் சொன்னால் மூன்றும் திறந்திருக்கின்றன.

அப்போது நமக்கு முழு நிச்சயம் இருக்காது என்பது உண்மை. இரண்டு கூரைகளின் அனுபவம்தான் கையில் இருக்கிறது. ஆனால் நிச்சயம் வரும்வரை காத்திருந்தால் வழிகள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

முதலில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாரக் கூட்டத்தில், காண்ட்ராக்டரும் கட்டடக் கலைஞரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது இதைப் போட்டு உடைத்தால், தாளாளர் தன் மரியாதையைக் காக்கவே நேரம் செலவழிப்பார். காண்ட்ராக்டரிடம் முந்தின நாளே, “இப்படிச் சொல்லப்போறேன், உங்க கணக்கும் சேத்துத்தான் சொல்வேன்” என்று தெரிவித்துவிடுவது நல்லது. அவர் முதுகுக்குப் பின்னால் பேசியதாக இருக்கக் கூடாது.

“ஐயா, ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசணும். ஜூன் ஒண்ணு கிடைக்காதுன்னு தோணுது. ஜூன் கடைசி வாரம் ஆகும்.”

“என்ன தம்பி, காண்ட்ராக்டர் நேத்துகூட புடிச்சிடலாம்னாரே?”

“அவர் நம்பிக்கையாத்தான் சொல்றாரு ஐயா. ஆனா ரெண்டு கூரையும் முப்பத்தாறு நாள் எடுத்திருக்கு. மூணாவதை மட்டும் இருபத்தெட்டுல முடிப்போம்னு நான் எப்படி எழுதித் தர முடியும்? அப்படியே முடிஞ்சாலும் ஜூன் பதினாறு ஆயிடுது.”

அன்று மாலையே எழுத்தில் ஒரு பக்கம் போக வேண்டும். இப்படி:

*ஜனவரி 27*

*மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.*

*புதிய கட்டடம் ஜூன் 1-க்குத் தயாராகாமல் போக அதிக வாய்ப்பு இருக்கிறது. என் கணக்கில் சான்றிதழ்களுடன் ஜூன் 24 ஆகும். காண்ட்ராக்டர் சொல்லும் வேகம் கிடைத்தால் ஜூன் 16. கோடை மழை குறுக்கிட்டால் ஜூலை முதல் வாரம்.*

*காரணம்: இரண்டு கூரைகளும் 28 நாளுக்குப் பதில் 36 நாள் எடுத்தன. இது நடந்தது. மூன்றாவதும் அப்படியே ஆகும் என்பது என் மதிப்பீடு.*

*என் பரிந்துரை: வாடகைக் கட்டடத்தை செப்டம்பர் 30 வரை நீட்டிப்போம். காலாண்டு விடுமுறையில் பள்ளியை மொத்தமாக மாற்றுவோம். கூடுதல் செலவு மாதம் 75,000 வீதம் நான்கு மாத வாடகை, 3 லட்சம் ரூபாய். விளம்பர மடலில் ‘ஜூன் முதல்’ என்பதை ‘இந்தக் கல்வியாண்டில்’ என்று மாற்ற வேண்டும்.*

*யோசித்த மற்ற இரண்டு வழிகள்:*

*இறுதிவேலைக்கு இரண்டாவது குழு. சுமார் 8 லட்சம் கூடுதல் செலவு. 14 நாள் மிச்சமாகலாம். மூன்றாவது கூரையும் 28 நாளில் முடிந்தால் ஜூன் 2 கிடைக்கும். முடியாவிட்டால் ஜூன் 10.*

*ஜூன் 1-இல் கீழ் இரண்டு தளங்களை மட்டும் திறப்பது. 8 அறை கிடைக்கும். மேலே வேலை நடக்கும்போது கீழே பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. பகுதிக் கட்டடத்துக்கு உரிமம் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டிக் கேட்க வேண்டும்.*

*எனக்குத் தெரியாதது: ஆறாம் வகுப்பில் புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு வாடகைக் கட்டடத்தில் இடம் இருக்குமா என்பது. இதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.*

*பிப்ரவரி 7-க்குள் தங்கள் முடிவு வேண்டும்.*

இந்தக் கடிதத்தில் சில இடங்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முதல் வரியிலேயே செய்தி வந்துவிடுகிறது. மழையையும் பொங்கலையும் சொல்லித் தொடங்கியிருந்தால், படிப்பவர் சாக்குகளைத்தான் முதலில் படிப்பார், செய்தி வரும்போது மனம் எதிர்த்து நிற்கும். ‘காலதாமதம் ஏற்பட வாய்ப்புள்ளது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இரண்டு நாளா இரண்டு மாதமா என்று தெரியாது. ஒரே தேதியை மட்டும் கொடுத்திருந்தாலும் தப்புதான், ஜூன் 24 புதிய வாக்குறுதியாகிவிடும். மூன்று தேதிகளும், ஒவ்வொன்றும் எந்த நிலையில் வரும் என்பதும் சேர்ந்து இருப்பதால், இது கணிப்பு என்பது தாளாளருக்குப் புரிகிறது.

நடந்தது எது, என் மதிப்பீடு எது என்று பிரித்துச் சொன்னதும் அதற்காகத்தான். தாளாளர் என் மதிப்பீட்டை மறுக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. 36 நாளை மறுக்க முடியாது.

பரிந்துரையை வழிகளுக்கு முன்னால் வைத்ததைப் பலர் ஏற்கமாட்டார்கள். எல்லா வழிகளையும் சமமாக அடுக்கிவிட்டு, ‘தங்கள் விருப்பப்படி’ என்று முடிப்பதுதான் பணிவு என்பது நம் அலுவலகப் பழக்கம். எனக்கு அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தெரிகிறது. தினமும் சைட்டில் நிற்பவருக்கு ஒரு கருத்து இல்லாமல் இருக்காது. அதைச் சொன்ன பிறகும் முடிவு தாளாளருடையதுதான். இரண்டாவது குழுவை நான் ஏன் பரிந்துரைக்கவில்லை என்பதைத் தேதிகளே சொல்லிவிடுகின்றன. 8 லட்சம் கொடுத்தாலும், எல்லாம் கைகூடினாலும், ஜூன் 2 தான். எத்தனை பேரைக் கொண்டுவந்தாலும் முட்டு நிற்க வேண்டிய 21 நாள் குறையாது, பூச்சு காய வேண்டிய நாள் குறையாது, சான்றிதழ் மேசைகளில் நகரும் வேகமும் கூடாது. குறைவது கைவேலை நாட்கள் மட்டுமே.

‘எனக்குத் தெரியாதது’ என்ற வரி இல்லாவிட்டால் இந்தக் கடிதம் அரைகுறை. வாடகைக் கட்டடத்தில் 10 அறை, அடுத்த ஆண்டு 11 பிரிவு. கட்டடக் கணக்கில் இது பெரிய ஓட்டை. தாளாளரோ, “நூலகத்தை ஹாலுக்கு மாத்திட்டு அந்த ரூம்ல நாலு மாசம் ஓட்டிடலாம்” என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடும். இல்லை, அந்தப் பிரிவுக்காகத்தான் கட்டடமே என்றால், கீழ்த்தளங்களைத் திறக்கும் வழியை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். அப்போதும் பிள்ளைகள் தலைக்கு மேல் வேலை நடப்பது பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். மேல்மாடி வேலையைப் பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும் மட்டும் வைத்தால் தேதி எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பேன்.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. எந்த நாளில் எதைப் பார்த்து இந்தக் கணிப்பைத் திருத்துவோம் என்பதையும் அன்றே பேசிவைக்க வேண்டும். இங்கே அது பிப்ரவரி 21. அன்றைக்கு மூன்றாவது கூரைக்குக் காங்கிரீட் போட்டுவிட்டால் காண்ட்ராக்டர் சொன்னது சரி, மூன்று தேதிகளும் முன்னால் வரும். அன்று கம்பிதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஜூன் 24 உறுதிப்படுகிறது. சென்டரிங்கே முடியவில்லை என்றால் ஜூலையைப் பற்றிப் பேச வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் தாளாளருக்குப் போகும் குறிப்பில் ஒரே ஒரு விஷயம் போதும்: போன வாரம் சொன்ன தேதியும் இந்த வாரத் தேதியும்.

இன்னொரு சந்தேகம் வரலாம். ஒப்பந்தத்தை நீட்டிக்க பிப்ரவரி 28 வரை நேரம் இருக்கும்போது, முடிவை ஏன் 7-ஆம் தேதிக்குள் கேட்க வேண்டும்? நான் பரிந்துரைத்த வழி மூன்றாவது ஆள் ஒருவரின் சம்மதத்தை நம்பியிருக்கிறது. கட்டடச் சொந்தக்காரர் வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம், வாடகையைக் கூட்டிக் கேட்கலாம், மறுத்துவிடலாம். 7-ஆம் தேதி தாளாளர் சரி என்றால் 8-ஆம் தேதி அவரைப் போய்ப் பார்க்கலாம். அவர் முடியாது என்றால், இரண்டாவது குழுவுக்கு முன்பணம் கொடுக்கவும் விளம்பர மடலைத் திருத்தவும் அதன்பின் ஒரு வாரம் மிச்சம் இருக்கிறது.